செய்தியாளருக்கு ஒரு மடல்: மயிலிட்டியிலிருந்து ஒரு மதிப்பீடு

செய்தியாளர் ஒருவருக்கு முன்பின் அறியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்புகிறார். இப்படி ஒரு விடயம் இருக்கிறது, இது இப்போது எழுதப்பட வேண்டும், இதைப் பற்றி இவரிடம் கேட்கலாம் என்று மூன்று செய்திகளை அதில் சொல்கிறார். செய்தி முன்மொழிவு மடல் என்பது இவ்வளவுதான். ஆனால் எந்த மடல் செய்தியாகும், எது படிக்கப்படாமலே போகும் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. செய்திக்கே உரிய மதிப்பு ஒன்று உண்டு, அது இருந்தால் போதும் என்றனர் சிலர். செய்தியாளரின் வேலைச் சுமையைக் குறைப்பதே வழி என்றனர் வேறு சிலர். சொல்பவர் யார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது மூன்றாவது தரப்பு.

இந்த விடைகள் பெரும்பாலும் பெருநகரப் பத்திரிகைகளையும் அரசுகளையும் வைத்து உருவானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள மயிலிட்டி போன்ற ஓர் ஊரை வைத்து அவற்றைச் சோதித்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரிகின்றன. 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதை ஒட்டிய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. இடையில் இருபத்தேழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எந்த நாளை எடுத்தாலும், ‘ஏன் இன்று?’ என்று ஆசிரியர் பீடம் கேட்டால் சொல்வதற்கு எளிய விடை இருந்திருக்காது.

மடலின் வேர்கள்

செய்தி நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர் செய்தியை எழுதி அனுப்பும் வழக்கம் பழையது. யாழ்ப்பாணத்தில் 1841இல் தொடங்கிய உதயதாரகை முதல் 1959இல் தொடங்கிய ஈழநாடு வரை, ஊர்ச் செய்திகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்த எழுத்தறிந்தோர் வழியாகவும் பகுதிநேர நிருபர் வழியாகவும் பத்திரிகைக்குப் போயின. அந்த நிருபரை ஊரார் அறிவர். அவரும் ஊரை அறிவார். ‘இதை ஏன் நம்ப வேண்டும்?’ என்ற கேள்விக்கு அந்த அறிமுகமே பெருமளவு விடையாக இருந்தது.

அறிமுகம் இல்லாத ஒருவர் பல ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் எழுதும் முறை வேறொரு மரபிலிருந்து வந்தது. 1906இல் அமெரிக்காவில் நிலக்கரி முதலாளிகளுக்காகப் பணியாற்றிய ஐவி லீ, பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தம் கொள்கை அறிவிப்பை அனுப்பினார். தாம் தருவது விளம்பரம் அல்ல, சரியான தகவல் என்றும், அதைச் சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு உதவுவதாகவும் அதில் உறுதி கூறினார். இன்றைய முன்மொழிவு மடலின் உள்ளமைப்பு அந்த உறுதியில் ஏற்கெனவே இருக்கிறது: தகவலைக் கொடு, சரிபார்க்கும் வழியையும் சேர்த்துக் கொடு. அந்த வடிவத்தின் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. தகவலைத் தருபவருக்கு அந்தச் செய்தியில் நலன் உண்டு.

முதல் விடை: செய்திக்கு உள்ளேயே மதிப்பு இருக்கிறது

1965இல் நோர்வே ஆய்வாளர்களான யொஹான் கல்ட்டுங்கும் மரி ரூகேயும் கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நோர்வேப் பத்திரிகைகள் நான்கு எப்படி எழுதின என்று ஆராய்ந்து, ஒரு நிகழ்வைச் செய்தியாக்கும் பன்னிரண்டு காரணிகளைப் பட்டியலிட்டனர். அவற்றுள் முதலாவது காலச்சுழற்சி. பத்திரிகை நாள்தோறும் வெளிவருகிறது என்றால், ஒரு நாளுக்குள் தொடங்கி முடியும் நிகழ்வே அதற்குப் பொருந்தும். அணை கட்டப்படும் ஆண்டுகள் செய்தியாவதில்லை, திறப்பு விழா செய்தியாகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் பட்டியலைத் திருத்தினர், புதிய காரணிகளைச் சேர்த்தனர். ஆனால் இந்த அவதானிப்பு பெரிதாக மறுக்கப்படவில்லை.

மடல் எழுதுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் அறிவுரை, நிகழ்வைத் தேடு என்பது. மயிலிட்டியில் அப்படிப்பட்ட நிகழ்வுகள் இருக்கின்றன. 2017 ஜூலையில் துறைமுக விடுவிப்பு, 2018 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் மேலும் 683 ஏக்கர் விடுவிப்பு, 2019 ஆகஸ்டில் துறைமுகத்தின் முதற்கட்டத் திறப்பு, 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மூன்றாம் கட்டப் பணிகளைத் தொடக்கிவைத்தது ஆகியன எல்லாம் செய்தியாயின.

இந்த விடையின் பலவீனமும் இதே பட்டியலில் தெரிகிறது. நான்கு நிகழ்வுகளும் அரசின் நிகழ்வுகள். நாளைத் தெரிவுசெய்தது அரசு, மேடையை அமைத்ததும் அரசு. இடம்பெயர்ந்து முகாமிலும் வாடகை வீட்டிலும் கழிந்த வாழ்க்கைக்கு, தந்தையின் தொழிற்கடலை ஒருநாளும் காணாமல் வளர்ந்த தலைமுறைக்கு, திறப்பு விழா இல்லை. செய்தி மதிப்புக் கொள்கை செய்தியாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை நன்றாக விவரிக்கிறது. அதை அப்படியே அறிவுரையாக ஏற்றுக்கொண்டால், மெல்ல நடக்கும் அநீதி எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

இரண்டாம் விடை: உழைப்பைக் குறைத்துக் கொடு

1982இல் அமெரிக்க ஆய்வாளர் ஒஸ்கார் காண்டி இதைப் பொருளியல் கண்ணால் பார்த்தார். செய்தி திரட்டுவதற்குச் செலவாகும். அச்செலவைக் குறைத்துத் தகவலைத் தயார் நிலையில் தருபவர் ஒருவகையில் செய்தி நிறுவனத்துக்கு மானியம் வழங்குகிறார். பணமும் ஆளும் உள்ள அமைப்புகளால்தான் இந்த மானியத்தைத் தொடர்ந்து வழங்க முடியும் என்பது அவர் வாதம். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவின் தரமான நாளிதழ்களை ஆராய்ந்தபோது, செய்திகளில் ஏறத்தாழ 60 சதவீதம் முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ செய்தி முகவர் நிறுவனங்களின் எழுத்திலிருந்தும் மக்கள் தொடர்புத் துறையின் எழுத்திலிருந்தும் வந்தவை எனக் கண்டனர். நிக் டேவிஸ் 2008இல் வெளியிட்ட நூல் வழியாக இந்த முடிவு பரவலாக அறியப்பட்டது.

எனவே குறுகிய மடல், தெளிவான தலைப்பு வரி, அழைத்தால் பேசத் தயாராக உள்ள ஒருவர், திறந்து பார்க்கக்கூடிய ஆவணம் என்ற வழக்கமான அறிவுரைகள் வெறும் நாகரிகம் சார்ந்தவை அல்ல. அவை ஒவ்வொன்றும் செய்தியாளரின் ஒரு மணிநேரத்தையோ ஒரு பயணத்தையோ மிச்சப்படுத்துகின்றன. மயிலிட்டிச் செய்தியைக் கொழும்பிலிருந்து எழுத வேண்டிய ஒருவருக்கு அந்தப் பயணம் ஒரு முழுநாள்.

ஆனால் இந்த விடையை எல்லைவரை இழுத்தால், செய்தியாளர் மடலை வெட்டி ஒட்டும் நிலை வந்துவிடும். தயார் செய்யப்பட்ட மடல் சரிபார்ப்பதற்கு உதவ வேண்டும், சரிபார்ப்பை இல்லாமல் செய்யக்கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் இனங்காணலாம். நல்ல மடல் தன் கூற்றைப் பொய் என நிறுவக்கூடிய இடத்தையும் காட்டும்: எந்த அலுவலகத்தில் கேட்கலாம், எந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம், மறுதரப்பு யார். முடிவை மட்டும் தரும் மடலில் இவை இருப்பதில்லை.

மூன்றாம் விடை: சொல்பவர் யார்?

1973இல் லியோன் சிகல் அமெரிக்காவின் இரு பெரும் நாளிதழ்களின் முதற்பக்கச் செய்திகளை ஆராய்ந்து, மூலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அரசு அதிகாரிகள் எனக் காட்டினார். 1978இல் ஸ்டுவர்ட் ஹோலும் அவருடன் பணியாற்றியோரும் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அதிகாரத்தில் இருப்போர் செய்தியில் முதலில் பேசுவதால், பிரச்சினை எது என்பதையே அவர்கள் வரையறுத்துவிடுகிறார்கள், பிறகு பேசுவோர் அந்த வரையறைக்கு உள்ளே நின்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றனர்.

மயிலிட்டிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வெளியானது. காணி உரிமையாளர்கள் பெருந்தொகையாக நீதிமன்றம் சென்றனர். அந்த அறிவித்தலை அரசின் சொல்லில் எழுதினால் அது பொதுத்தேவைக்கான காணி பற்றிய செய்தி. காணி உறுதி வைத்திருக்கும் உரிமையாளரின் சொல்லில் எழுதினால் அது ஊர் திரும்பும் உரிமை பற்றிய செய்தி. ஒரே ஆவணத்தைப் பற்றிய இரு செய்திகளும் வெவ்வேறு கேள்விகளிலிருந்து புறப்படுகின்றன.

ஹோலின் கருத்துக்கு 1990இல் பிலிப் ஷ்லெசிங்கர் ஒரு திருத்தம் சொன்னார். அதிகாரத் தரப்புக்குள்ளேயே போட்டி உண்டு, அதிகாரம் இல்லாதோரும் திட்டமிட்டுச் செயற்பட்டால் நம்பகமான மூலமாக வளர முடியும் என்றார். முன்மொழிவு மடல் எழுதும் ஊரவருக்கு இடமளிப்பது இந்தத் திருத்தமே. நம்பகம் பதவியால் மட்டும் வருவதில்லை. ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தவரும் நம்பகமானவரே. நாள்தோறும் துறைமுகத்தில் படகு கட்டும் தொழிலாளி, அங்கே இடம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி. ஆனால் பிடிபட்ட ஒரு படகின் வழக்கு என்ன நிலையில் உள்ளது என்பதற்கு அவர் சாட்சி அல்லர். நம்பகம் கூற்றுக்குக் கூற்று மாறும்.

‘ஏன் இப்போது?’ என்பதற்கு மூன்று வழிகள்

நீண்டகாலப் பிரச்சினை ஒன்றுக்கு ‘இப்போது’ என்ற பிடியை உருவாக்கப் பொதுவாக மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது நினைவு நாள். ஜூன் வந்தால் இடப்பெயர்வின் ஆண்டு நிறைவு. இது எளிது, ஆனால் பலம் குறைந்தது. போன ஆண்டு எழுதியதிலிருந்து இந்த ஆண்டு என்ன மாறியது என்பதை நினைவு நாள் தன்னளவில் சொல்வதில்லை. இரண்டாவது அரச நிகழ்வு. இது பலமானது. ஆனால் அமைச்சர் வரும் நாளில் எல்லாச் செய்தியாளரும் ஒரே உரையைத்தான் எழுதுவர். மடல் நிகழ்வுக்கு முன்பே, விழா மேடையில் எழாத ஒரு கேள்வியோடு போய்ச் சேர்ந்தால்தான் பயன்.

மூன்றாவது வழி ஆவணம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இலங்கையில் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொது அதிகாரசபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலைநாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பதில் கிடைத்த நாள் செய்திக்கு ஒரு ‘இப்போது’. மறுக்கப்பட்டாலும் அதுவும் திகதியிட்ட ஓர் ஆவணமே. அரசின் நாட்காட்டிக்குக் காத்திராமல் ஊரவர் தாமே ஒரு செய்தி நாளை உருவாக்கக்கூடிய வழி இது. வேகமான வழி அல்ல. மேன்முறையீடு வரை போனால் மாதங்கள் ஆகும்.

ஒரு மடலைக் கட்டிப் பார்த்தல்

வட கடலில் கடற்படை பிடிக்கும் இந்திய இழுவைப்படகுகள் மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு நிறுத்தப்படுகின்றன. அவை கிடக்கும் இடம் உள்ளூர்ப் படகுகளுக்கு இல்லாமற் போகிறது என்பது தொழிலாளர் தரப்பின் முறைப்பாடு. அடிமட்ட இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத் திருத்தத்தால் தடைசெய்தது. வெளிநாட்டுப் படகுகள் பற்றிய சட்டம் 2018இல் கடுமையாக்கப்பட்டது. இதை வைத்து ஒருவர் எழுதக்கூடிய முதல் மடல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மயிலிட்டி ஒருகாலத்தில் செழித்த துறைமுகம், போர் அதை அழித்தது, இப்போது இந்திய இழுவைப்படகுகளாலும் மக்கள் துன்பப்படுகிறார்கள், இதை உலகுக்குச் சொல்லுங்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் செய்தியாளர் நாளை காலை யாரை அழைத்து என்ன கேட்பது என்று இதில் இல்லை.

அதே விடயத்தை மாதிரிக்காக வேறுவிதமாக எழுதிப் பார்க்கலாம்:

> பொருள்: மயிலிட்டித் துறைமுகம் விரிகிறது, இடம் யாருக்கு?
>
> வணக்கம். மயிலிட்டி மீன்பிடித் துறைமுகத்தின் மூன்றாம் கட்டப் பணிகள் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி தொடக்கிவைக்கப்பட்டன. பிடிபட்ட இந்திய இழுவைப்படகுகளும் அதே துறைமுகத்தில்தான் நிறுத்தப்படுகின்றன. வழக்கு முடிந்த படகுகள் எத்தனை, அவை ஏன் இன்னும் அகற்றப்படவில்லை, புதிதாக உருவாகும் இடத்தில் உள்ளூர்ப் படகுகளுக்கு எவ்வளவு என்பதே கேள்வி.
>
> ஏன் இப்போது: பணிகள் முடிந்து இடம் ஒதுக்கப்பட்ட பின் இந்தக் கேள்விக்குப் பயன் குறைவு. படகு எண்ணிக்கை பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துள்ளோம். விண்ணப்பப் பிரதி இணைப்பில்.
>
> பேசக்கூடியவர்: உள்ளூர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர் ஒருவர். இதுபற்றிச் சங்கம் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் அவரிடம் உள்ளன. அவர் ஒரு தரப்பைச் சேர்ந்தவர். மறுதரப்புக்குக் கடற்றொழில் திணைக்களத்தையும் தமிழகப் படகு உரிமையாளர்களையும் கேட்கலாம். நீங்கள் விரும்பினால் அவருடைய ஒப்புதலோடு தொடர்பை ஏற்படுத்தித் தருவோம்.

இந்த மடலின் பலம், ‘ஏன் இப்போது’ என்பதும் மூலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதில் இருக்கிறது. இட ஒதுக்கீடு தீர்மானிக்கப்படும் காலம் இது என்பதுதான் செய்திக்கான காரணம். அந்த ஒதுக்கீட்டால் நேரடியாகப் பாதிக்கப்படுபவரும் அதைப் பற்றிக் கடிதத் தொடர்பு வைத்திருப்பவரும் மூலமாகிறார். பேராசிரியர் ஒருவரை மூலமாகத் தந்திருந்தால் மடல் வேறு செய்தியைக் கேட்டிருக்கும். வடபகுதிக் கடற்றொழில் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றோர், இழுவைப்படகுப் பிரச்சினையின் நீண்ட பொருளாதாரப் பின்னணியை விளக்கத் தகுந்தவர்கள். ஆனால் எந்தப் படகு எங்கே கிடக்கிறது என்பது அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. மூலம் ஒன்றே ஒன்று என்றால், அது மடலின் மையக் கூற்றுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது?

முதல் தவறு, மூலத்தின் நலனை மறைப்பது. சங்கப் பொறுப்பாளர் நடுநிலையாளர் என்ற தோற்றத்தைக் கொடுத்தால், செய்தியாளர் பின்னர் அதைக் கண்டுபிடிக்கும்போது மடல் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். நலனை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அது எடைபோட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

இரண்டாவது தவறு, பழம்பெருமையின் எண்கள். போருக்கு முன் நாட்டின் மீன் தேவையில் பெரும்பங்கை மயிலிட்டி வழங்கியது என்று சதவீதக் கணக்கோடு சொல்லப்படுவதுண்டு. எந்த ஆண்டு, எந்தத் திணைக்களத்தின் புள்ளிவிவரம் என்று காட்ட முடியாத எண்ணை மடலில் வைத்தால், அது உண்மையாகவே இருந்தாலும் மற்றக் கூற்றுகளையும் இழுத்துக்கொண்டு விழும். மீன்பிடித் துறைமுகமாக அதற்கிருந்த பெயரைச் சொல்ல எண் தேவையில்லை.

மூன்றாவது தவறே மிகப் பாரதூரமானது. மூலத்தின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒப்புதல் இல்லாமல் முதல் மடலிலேயே எழுதுவது. மின்னஞ்சல் எளிதில் முன்னனுப்பப்படும், யார் கையில் போய் நிற்கும் என்பதைச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் இது வெறும் அச்சம் அல்ல. செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி தம் வீட்டில் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி உதயன் பத்திரிகை அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் இருவர் உயிரிழந்தனர். செய்தியாளருக்கே பாதுகாப்பு இல்லாதிருந்த நிலத்தில், அவரிடம் பேசுபவரின் பாதுகாப்பை மடல் எழுதுபவர் முதலில் எண்ணியாக வேண்டும். முதல் மடலில் மூலத்தின் பொறுப்பையும் அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சொன்னால் போதும்.

முடியாத கேள்விகள்

மூன்று விடைகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. செய்தி மதிப்புக் கொள்கை, ஏன் சில நாட்கள் மட்டும் செய்தியாகின்றன என்பதை விளக்குகிறது. ஆனால் இருபத்தேழு ஆண்டுக் காத்திருப்புக்கு அதில் இடமில்லை. உழைப்புச் சிக்கனக் கொள்கை மடலின் வடிவத்துக்கு நல்ல வழிகாட்டி, அதன் நேர்மைக்கு அல்ல. மூலம் பற்றிய கொள்கை அதிகாரத்தின் சாய்வைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் ஷ்லெசிங்கரின் திருத்தம் இல்லாவிட்டால் ஊரவர் செய்வதற்கு எதுவும் இருக்காது. கிடைக்கும் சான்றுகளை வைத்து இவ்வளவு சொல்லலாம்: ஒரு மாற்றத்தையும், அந்த மாற்றத்தை நேரில் அறிந்தவரையும், அதைச் சரிபார்க்கும் இடத்தையும் ஒன்றாகக் கட்டித் தரும் மடலுக்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டு கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஆவணம் உள்ளவரே நம்பகமானவர் என்று வைத்தால், இடப்பெயர்வில் காணி உறுதியையும் பத்திரங்களையும் இழந்தவரின் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது? பல சாட்சியங்கள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதை ஆவணத்துக்கு ஈடாகக் கொள்ளலாம் என்பது ஒரு வழி. ஆனால் ஒரே மூலத்தைத் தரும் குறுமடலில் அதற்கு இடம் போதாது. மற்றது, ஒழுங்காக மடல் எழுதத் தெரிந்த ஊருக்கும் தெரியாத ஊருக்கும் இடையே செய்தியில் தோன்றும் ஏற்றத்தாழ்வை யார் சரிசெய்வது? மடலின் தரத்தை மட்டும் உயர்த்தி இதைத் தீர்க்க முடியும் என்று தோன்றவில்லை. மடல் வராத ஊர்களுக்கும் நிருபரை அனுப்பும் பொறுப்பு பத்திரிகைகளிடம்தான் இருக்கிறது. அதற்கான பணமும் ஆளும் எங்கிருந்து வரும் என்பதற்கு, இங்கு பார்த்த மூன்று மரபுகளிலும் விடை இல்லை.